நாலாம் கிணற்றுக்கு ஒரு திருத்தம்

ஞாயிற்றுக்கிழமை இரவு பத்தே முக்காலுக்கு ஒரு மெயில் அனுப்பினம். பதினொரு பேருக்கு. அனுப்பின கையோட போனைக் கவிழ்த்து வைச்சிட்டு, நாலு பேரும் ஆளாளுக்கு ஒரு தேத்தண்ணி குடிச்சுப் படுத்திட்டம். ரெண்டு கிழமையாய்ச் சுன்னாகத்தில ஒழுங்கை ஒழுங்கையாய்ச் சைக்கிளில திரிஞ்சு, பன்னிரண்டு கிணற்றுத் தண்ணியின்ர நைத்திரேற்று அளவுகளைச் சேர்த்து ஒரு அட்டவணையாக்கியிருந்தம். அந்த அட்டவணைதான் மெயிலில போனது. மெயிலின் முதல் வரி இப்பிடி இருந்தது: ‘பன்னிரண்டு கிணறுகளும் 50 என்ற எல்லைக்குக் கீழேயே இருக்கின்றன.’

திங்கள் காலை ஏழரைக்கு, நாங்கள் இரசாயனம் படிச்ச, இப்ப ஓய்விலிருக்கிற ரீச்சர் போன் எடுத்தா. மெயில் போன பதினொரு பேரில அவவும் ஒருவர். வேற கதை ஒண்டும் இல்லை. “பிள்ளையள், இது நைத்திரேற்றா, நைத்திரேற்று-நைதரசனா?” எண்டு மட்டும் கேட்டா.

எங்களில ஒருத்தி ஓடிப்போய்ச் சோதனைப் பெட்டியைத் திறந்து நிற அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். மூலையில, எறும்பு ஊர்ந்தமாதிரிச் சின்ன எழுத்தில, NO3-N எண்டு இருந்தது.

விளங்காத ஆக்களுக்காக இதைக் கொஞ்சம் ஆறுதலாய்ச் சொல்லுறம், ஏனெண்டால் பிழை முழுக்க இந்த ஒற்றை எழுத்துக்குள்ளதான் இருந்தது. தண்ணியில கரைஞ்சிருக்கிற நைத்திரேற்றை ரெண்டு விதமாய் எழுதுவினம். முழு நைத்திரேற்றையும் நிறுத்து எழுதுறது ஒரு விதம். அதுக்குள்ள இருக்கிற நைதரசனை மட்டும் நிறுத்து எழுதுறது மற்ற விதம். நைதரசனின் நிறை 14, மூன்று ஒட்சிசனோட சேர்ந்த முழு நைத்திரேற்றின் நிறை 62. 62ஐ 14ஆல் பிரிச்சால் 4.43 வரும். அதாவது ஒரே தண்ணியை ஒரு பெட்டி 10 எண்டு சொல்லும், இன்னொரு ஆய்வுகூடம் 44 எண்டு சொல்லும், ரெண்டும் சரி. உலக சுகாதார நிறுவனம் சொல்லுற 50 மில்லிகிராம் எல்லை முழு நைத்திரேற்றுக்கானது. நைதரசனாய்ப் பார்த்தால் அதே எல்லை கிட்டத்தட்ட 11தான். நாங்கள் பெட்டி காட்டின 12ஐயும் 14ஐயும் எடுத்து, 50க்குப் பக்கத்தில வைச்சு, “அப்பாடா, எவ்வளவு கீழ!” எண்டு நினைச்சிருக்கிறம்.

ஏழாம் கிணறு 12. நாலாம் கிணறு 14. பெருக்கிப் பார்த்தால் 53, 62.

சுன்னாகத்தில கிணற்றுத் தண்ணி பற்றின இலக்கம் எண்டால் அது வெறும் இலக்கம் இல்லை எண்டு இங்க வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். மின் நிலையத்திலயிருந்து கிணறுகளுக்குள்ள எண்ணெய் போன விவகாரத்தில ஒரு அறிக்கை ஒண்டு சொல்ல, இன்னொரு அறிக்கை வேற ஒண்டு சொல்ல, சனம் எதை நம்பிக் குடிக்கிறது எண்டு தெரியாமல் வாளியோட நிண்டது. கடைசியில 2019 ஏப்ரலில உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்ட ஆக்களுக்காக 2 கோடி ரூபா கட்டச் சொல்லி அந்த மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நைத்திரேற்று அது இல்லை, வேற பிரச்சினை. செம்மண்ணுக்குக் கீழ வெடிப்பு வெடிப்பாய்ச் சுண்ணக்கல்லு. தோட்டத்தில போடுற யூரியாவும், வளவுக்குள்ள இருக்கிற மலக்குழியும் அதுக்குள்ளால வடிகட்டுப்படாமல் கிணற்றுக்குப் போகுது. ஆனால் “தண்ணி பற்றி ஆரோ ஒரு இலக்கம் சொன்னவை, பிறகு மாத்திச் சொன்னவை” எண்டுற களைப்பு ஊருக்கு ஏற்கனவே இருக்கு. அந்தக் களைப்பில நாங்களும் ஒரு கை மண் அள்ளிப் போட்டிட்டம்.

அதைவிட உடனடியான விஷயம் ஒண்டு இருந்தது. நாலாம் கிணற்று வீட்டில ரெண்டு மாதக் குழந்தை. புட்டிப்பால். நைத்திரேற்றுக் கூடின தண்ணியில பால் கரைச்சுக் குடுத்தால் கைக்குழந்தைகளின்ர இரத்தம் ஒட்சிசன் காவுறது குறையும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். பெரியாக்களுக்கு அப்பிடி லேசில வராது. கொதிக்க வைச்சால் சரி எண்டு எங்கட அம்மம்மாமார் நினைக்கிறவை. கிருமிக்கு அது சரி. நைத்திரேற்று கொதிச்சுப் போகாது. தண்ணிதான் ஆவியாகும், மிச்சத் தண்ணியில அளவு இன்னும் கூடும்.

ரீச்சர் போனை வைச்ச பிறகு எங்களுக்கு வந்த முதல் ஆசை எல்லாருக்கும் வாற அதே ஆசைதான்: போன மெயிலை இழுத்து எடுக்கலாமா? ஏலாது. ஜிமெயிலில இருக்கிற `Undo send` போன கடிதத்தைத் திருப்பிக் கூப்பிடுறதில்லை. நீங்கள் அனுப்பு எண்டு அமத்தின பிறகு, அது கொஞ்ச நேரம் கடிதத்தைத் தன்னட்டப் பிடிச்சு வைச்சிருந்து பிறகுதான் விடுது. சாதாரணமாய் 5 செக்கன், அமைப்பில போய் மாத்தினால் ஆகக்கூடியது 30 செக்கன். (அண்டைக்கே 30 ஆக்கிட்டம். நீங்களும் இப்பவே ஆக்கிப்போட்டு வந்து வாசியுங்கோ, நாங்கள் நிக்கிறம்.) அவுட்லுக்கில ‘மீளப் பெறு’ எண்டு ஒண்டு இருக்கு. அது ஒரே நிறுவனத்துக்குள்ள இருக்கிற கணக்குகளுக்குத்தான் வேலை செய்யும். வெளியில போனது போனதுதான்.

ரெண்டாவது ஆசை, உடனே இன்னொரு மெயில் அடிச்சு விடுறது. எங்களில ஒருத்தன் ஏழு நாற்பதுக்கே அடிச்சு முடிச்சிட்டான். அந்த வரைபை இப்பவும் வைச்சிருக்கிறம். ‘மதிப்புக்குரிய அனைவருக்கும், நேற்றிரவு எம்மால் அனுப்பப்பட்ட மின்னஞ்சலில் எமது கவனயீனத்தால் நேர்ந்த மாபெரும் தவறுக்காக முதற்கண் எமது ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்வதுடன்…’ எண்டு தொடங்கி மூண்டு பந்தி. பரீட்சை நடந்த காலம், மின்வெட்டு, இளைஞர்களாகிய எமது அனுபவக் குறைவு எல்லாம் இருக்கு. எந்தக் கிணறு, எந்த இலக்கம் எண்டுறது மூண்டாம் பந்தியின்ர நடுவில வருது.

அதை உரத்து வாசிச்சபோதுதான் எங்களுக்கு விளங்கினது, அந்தக் கடிதம் கிணற்றைப் பற்றினதில்லை, எங்களைப் பற்றினது எண்டு. வாசிக்கிற ஆள் எங்களுக்கு ஆறுதல் சொல்லி ஒரு பதில் எழுத வேண்டி வரும். அதோட, கன பேர் மெயிலைத் திறக்கிறதுக்கு முதல் போனின் மேல்பக்கத்தில வாற ஒண்டரை வரியைத்தான் பாக்கினம். அந்த ஒண்டரை வரியில ‘மாபெரும் தவறு’ எண்டு மட்டும் தெரிஞ்சால், பயம் வரும், தகவல் வராது.

நல்லகாலம், அனுப்பு எண்டு அமத்தமுதல் இன்னொருத்தி பிடிச்சிட்டாள். அந்த வரைபில இன்னொரு பெரிய ஓட்டை இருந்தது. ‘அட்டவணையிலுள்ள எல்லா எண்களையும் 4.43 ஆல் பெருக்கி வாசிக்கவும்’ எண்டு எழுதியிருந்தான். பன்னிரண்டு கிணற்றில ஒன்பதுதான் எங்கட பெட்டியால பார்த்தது. மிச்சம் மூண்டும் வீட்டுக்காரர் ஏற்கனவே ஆய்வுகூடத்தில குடுத்து எடுத்த அறிக்கையிலயிருந்து எழுதினது: 31, 38, 44. அந்த அறிக்கைகளை எடுத்துப் பார்த்தம். மூண்டும் முழு நைத்திரேற்றாய்த்தான் இருந்தது. எல்லாத்தையும் பெருக்கியிருந்தால் 44 எண்டுற கிணறு 195 ஆகியிருக்கும். ஒரு பிழையைத் திருத்தப் போய், தண்ணி நல்லாயிருக்கிற ஒரு வீட்டுக்காரரைப் பத்து மணிக்குள்ள கிணறு மூட வைச்சிருப்பம்.

இதில இன்னொண்டும் தெரிஞ்சது. பழைய அட்டவணையில ஆகக் கூடின இலக்கம் 44. வாசிச்ச ஆக்கள் எல்லாரும் அந்தக் கிணற்றைத்தான் ‘கொஞ்சம் கவனிக்க வேணும்’ எண்டு நினைச்சிருப்பினம். உண்மையில அது மூண்டாம் இடம். கீழ கிடந்த 14தான் முதலாம் இடம். அதால திருத்தம் எண்டது ரெண்டு இலக்கத்தை மாத்துறது மட்டுமில்லை, ‘எல்லாம் எல்லைக்குக் கீழே’ எண்ட எங்கட முதல் வரியையும் எடுக்கிறது. பிழையான இலக்கத்தில நிண்டு என்னென்ன வசனம் எழுதினம் எண்டு தேடிப் பார்த்தம். மெயிலில ஒரு வசனம், இணைப்பின் அடியில ஒரு குறிப்பு, சராசரி எண்டு ஒரு பெட்டி. சராசரியைத் தூக்கிட்டம். ரெண்டு விதமான அளவைக் கலந்து எடுத்த சராசரி எந்த அளவும் இல்லை. அதோட, கிணற்றுத் தண்ணியைச் சராசரியாய் ஆரும் குடிக்கிறதும் இல்லை.

சரி, மெயிலுக்கு முதல் போன். நாலாம் கிணற்று அக்கா எங்கட பதினொரு பேரில இல்லை. அவவிட்ட மெயிலே இல்லை. ஞாயிறு இரவே வாசிகசாலைச் செயலாளர் அண்ணை எங்கட அட்டவணையைப் படம் பிடிச்சு அவவுக்கு வட்சப்பில போட்டிருக்கிறார், “உங்கட தண்ணி திறம்” எண்டு. எட்டு மணிக்கு எடுத்துக் கதைச்சம்.

“அக்கா, ராத்திரி வந்த அட்டவணையில உங்கட கிணற்று இலக்கம் பிழை. 14 இல்லை, 62 அளவில. பிள்ளைக்குப் பால் கரைக்கிற தண்ணியை இப்போதைக்கு வேற இடத்தில எடுங்கோ. கொதிக்க வைக்கிறதால குறையாது.”

“குளிக்கிறது?”

“குளிக்கலாம் அக்கா, உடுப்புத் தோய்க்கலாம், பிரச்சினையில்லை. பாலுக்கும், பிள்ளைக்குக் குடிக்கக் குடுக்கிறதுக்கும் மட்டும்தான். ரெண்டாம் கிணறு, அந்த முடக்கு வீடு, அங்க 9தான். குடும்பநல உத்தியோகத்தர் மிஸ்ஸிட்டயும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ.”

அவ பேசுவா எண்டு நினைச்சுத்தான் போனைப் பிடிச்சிருந்தம். அவ “ஓம் தம்பி, இப்ப வாளியோட ஆளை விடுறன்” எண்டிட்டு வைச்சிட்டா. முழுக் கதையும் ரெண்டு நிமிசம் வராது.

அதுக்குப் பிறகு ஏழாம் கிணறு. இதில கொஞ்சம் தடுமாறினம். எங்கட பெட்டி நிறத்தோட நிறம் வைச்சுப் பாக்கிறது. வெயிலில ஒருத்தருக்கு 12 எண்டு தெரியிற ரோசா நிறம், நிழலில இன்னொருத்தருக்கு 11 எண்டு தெரியும். 11 எண்டால் 49, எல்லைக்குள்ள. 13 எண்டால் 58, வெளியில. நாலாம் கிணறு ஒரு படி கீழ வந்தாலும் 58, அதில சந்தேகம் இல்லை. ஏழை ‘எல்லையைத் தாண்டிவிட்டது’ எண்டு சொல்ல எங்களிட்ட ஆதாரம் காணாது. திருத்தம் எழுதேக்க வாற ஒரு பழக்கம், முதல் தரம் குறைச்சுச் சொன்னதுக்குப் பரிகாரமாய் ரெண்டாம் தரம் கூட்டிச் சொல்லுறது. அது ரெண்டாவது பிழை. ‘கிட்டத்தட்ட 53, எல்லையை ஒட்டி இருக்கு, பெட்டியால இதுக்கு மேல நிச்சயமாய்ச் சொல்ல ஏலாது, ஆய்வுகூடத்துக்குக் குடுக்கிறம்’ எண்டு உள்ளதை உள்ளபடி எழுதினம்.

ஒன்பது பத்துக்கு மெயில் போனது. அனுப்பின விதத்தையும் சொல்லுறம், ஏனெண்டால் அதிலயும் ரெண்டு மூண்டு இடத்தில வழுக்கப் பாத்தம்.

புதுசாய் ஒரு கடிதம் தொடங்கேல்லை. `Sent` இல போய், நேற்று அனுப்பின அதே கடிதத்தைத் திறந்து `Reply all` அமத்தினம். அப்பிடிச் செய்தால் பழைய கடிதத்துக்கு அடியிலயே புதுசும் போய் நிக்கும். ஆறு மாதம் கழிச்சு ஆரும் தேடிப் பழையதை எடுத்தாலும் திருத்தம் கூடவே வரும். தலைப்பின் முன்னுக்குத் ‘திருத்தம்:’ எண்டு போட வேணுமா எண்டு ஒரு சின்ன வாக்குவாதம். ஜிமெயிலில தலைப்பை மாத்தினால் அது வேற உரையாடலாய்ப் பிரிஞ்சு போகும். பிரியாமல் இருந்தால் கோவை ஒழுங்காயிருக்கும். பிரிஞ்சால், பழையதை வாசிச்சு மறந்துபோன ஆளுக்கும் புதுசு தனியாய்க் கண்ணில படும். இலக்கம் சின்னன் எண்டால் பிரிக்கத் தேவையில்லை. எங்கட விஷயத்தில குழந்தை இருந்தது, பிரிச்சம். பிரிச்சாலும் பழைய கடிதத்தை அடியில அப்பிடியே விட்டம்.

பெறுநர் பட்டியலை ஒவ்வொண்டாய் எண்ணினம். பத்துத்தான் இருந்தது. ஒரு ஆளுக்கு நேற்று Bcc இல போட்டிருந்தம், அவர் விடுபட்டுப் போயிருந்தார். அவரைக் கையால சேர்த்தம். பதிலாய் அனுப்பேக்க பழைய இணைப்பும் தானாய் வராது, அதால புது அட்டவணையை முதல் இணைச்சு, அது முழுசாய் ஏறி முடிஞ்ச பிறகுதான் கடிதத்தையே எழுதத் தொடங்கினம். ஆங்கிலத்தில ‘இணைச்சிருக்கிறன்’ எண்டு எழுதிப்போட்டு இணைக்காமல் அனுப்பப் போனால் ஜிமெயில் மறிச்சுக் கேக்கும். எங்கட தமிழ்க் கடிதங்களுக்கு அது ஒருநாளும் கேட்டதில்லை. திருத்தம் அனுப்பப் போய் இணைப்பை மறக்கிறது எண்டுறது எங்கட குழுவில ஏற்கனவே ஒருக்கா நடந்த கூத்து. அண்டைக்கு ஒரே பின்னேரத்தில மூண்டு மெயில் போனது, மூண்டாவதில ‘இந்த முறை உண்மையாகவே’ எண்டு எழுதியிருந்தம்.

இணைப்பின் பெயரையும் மாத்தினம். பழையது கிணறுகள் எண்டு மட்டும் இருந்தது. ரெண்டுக்கும் ஒரே பெயர் எண்டால், இறக்கி வைச்சிருக்கிற ஆள் எதைத் திறக்கிறார் எண்டு அவருக்கே தெரியாது. புதுசுக்குக் ‘கிணறுகள் – திருத்திய 2ஆம் பிரதி’ எண்டு வைச்சு, அட்டவணைக்குள்ளயும் மேல் வரியில அதையே எழுதினம், ஏனெண்டால் அச்சடிச்சால் கோப்பின்ர பெயர் தாளில வராது. நிரல் தலைப்பில ‘நைத்திரேற்று (முழு NO3 ஆக, ஒரு லீற்றருக்கு மில்லிகிராம்)’ எண்டு போட்டம். நேற்றே இப்பிடி எழுத வெளிக்கிட்டிருந்தால், எழுதேக்கயே பிழை பிடிபட்டிருக்கும் எண்டு நினைக்கிறம்.

கடிதம் இதுதான்:

‘திருத்தம்: 4ஆம், 7ஆம் கிணறுகளின் நைத்திரேற்று அளவு.

நேற்று (ஞாயிறு) இரவு அனுப்பிய அட்டவணையில் 4ஆம் கிணறு 14 என்றும் 7ஆம் கிணறு 12 என்றும் இருந்தது. சரியான அளவு: 4ஆம் கிணறு 62, 7ஆம் கிணறு ஏறத்தாழ 53. எல்லை 50. ஆகவே “எல்லாக் கிணறுகளும் எல்லைக்குக் கீழே” என்ற எமது வசனம் பிழை.

எமது சோதனைப் பெட்டி நைத்திரேற்றை நைதரசனாகக் காட்டுகிறது. நாங்கள் அதை மாற்றாமல் எழுதிவிட்டோம். பெட்டியால் பார்த்த ஒன்பது கிணறுகளின் எண்களும் இணைப்பில் மாற்றப்பட்டுள்ளன. ஆய்வுகூட அறிக்கையிலிருந்து எடுத்த மூன்றும் (31, 38, 44) மாறவில்லை. 7ஆம் கிணறு எல்லையை ஒட்டியிருப்பதால் ஆய்வுகூடத்தில் மீளப் பார்க்கிறோம்.

4ஆம், 7ஆம் கிணற்று வீட்டாருடன் இன்று காலை பேசிவிட்டோம். நேற்றைய அட்டவணையை யாருக்காவது அனுப்பியிருந்தால் அல்லது அச்சடித்திருந்தால், தயவுசெய்து அவர்களுக்கு இதையும் அனுப்புங்கள். பிழைக்கு வருந்துகிறோம். சுட்டிக்காட்டிய ரீச்சருக்கு நன்றி.’

அவ்வளவுதான். வருத்தம் ஒரு தரம், கடைசியில. பழைய இலக்கமும் புது இலக்கமும் பக்கத்தில பக்கத்தில. பழையதை எழுதக் கூச்சமாய்த்தான் இருந்தது, ஆனால் அதை எழுதாட்டி, 14 எண்டு மனசில வைச்சிருக்கிற ஆளுக்குத் தன்ர மனசில இருக்கிறதுதான் பிழையானது எண்டு தெரியாது. காரணம் ஒரு வசனம் வேணும் எண்டு நினைச்சம், அதுக்கு மேல வேண்டாம். மின்வெட்டுக்கும் இலக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை. பெட்டியால பார்த்த ஒன்பது கிணறுக்கும் இதே பிழை வரக்கூடிய காரணம் எது எண்டு சொல்லுறது மட்டும்தான் வாசிக்கிற ஆளுக்குப் பிரயோசனம்.

அதே மெயிலில இன்னும் ரெண்டு பிழை இருந்ததை அப்பதான் கண்டம். ‘அளவீடு’ எண்டதில ஒரு எழுத்து விடுபட்டிருந்தது, அதை விட்டிட்டம். நன்றி சொன்ன இடத்தில ஒரு ஐயாவின்ர பெயரைப் பிழையாய் எழுதியிருந்தம். அதை எல்லாருக்கும் சொல்லாமல் அவருக்கு மட்டும் தனியாய் ரெண்டு வரி எழுதினம். ரெண்டையும் திருத்தத்துக்குள்ள சேர்த்திருந்தால் ஐந்து பிழையில ரெண்டு கிணறு மறைஞ்சு போயிருக்கும்.

இப்பிடி அமைதியாய் முடிக்க ஏலாத பிழைகளும் இருக்கு எண்டுறதையும் சொல்ல வேணும். 2021 செப்டெம்பரில பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சு, ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறக் காத்திருந்த 245 பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினது. ஒருத்தரின்ர முகவரி மற்றவைக்குத் தெரியாமல் Bcc இல போட வேண்டியதை To இல போட்டிட்டினம். ஒளிஞ்சிருந்த ஆக்களின்ர முகவரி எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சுபோச்சு. பிறகு அவைக்கு, அந்த மெயிலை அழியுங்கோ, உங்கட மெயில் முகவரியை மாத்துங்கோ எண்டு அறிவிக்க வேண்டி வந்தது. 2023 டிசெம்பரில பிரிட்டனின் தகவல் ஆணையாளர் அலுவலகம் 3,50,000 பவுண் தண்டம் போட்டது. இலக்கம் பிழையெண்டால் சரியான இலக்கத்தை அனுப்பலாம். மற்ற ஆளின்ர விபரம் வெளியில போனால் அனுப்புறதுக்குச் சரியான ஒண்டு இல்லை. `Reply all` அமத்தினால் அந்த முகவரிகளே இன்னொருக்காப் போகும். அதுக்குப் பொறுப்பான ஆளுக்கு உடனே சொல்லுறதும், பாதிக்கப்பட்டவைக்குத் தனித்தனியாய்ச் சொல்லுறதும்தான் வழி. எங்கட பழைய அட்டவணையில வீட்டுக்காரரின்ர பெயர் போடாமல் இலக்கம் மட்டும் போட்டது எவ்வளவு நல்லது எண்டு இதை யோசிச்சபோது நினைச்சம்.

பதில்கள் வந்தது. பதினொரு பேரில ஆறு பேர். நாலு பேர் ‘கிடைத்தது’. ஒரு அலுவலகத்திலயிருந்து, கோவைக்காகக் கையொப்பமிட்ட பிரதி வேணும் எண்டு. வெளிநாட்டில இருக்கிற ஒரு அண்ணா, நேற்றே தங்கட சங்கத்துக்கு முன்னனுப்பியிருந்தார், அங்கயும் திருத்தத்தை அனுப்பிட்டன் எண்டு எழுதினார். எங்களைப் பேசி ஒரு வரி வரேல்லை. மிச்ச அஞ்சு பேர் வாசிச்சவையா எண்டு தெரியாது, அதால பின்னேரம் அவையில மூண்டு பேருக்குப் போன் எடுத்தம். ரெண்டு பேர் திருத்தத்தைத் திறக்கவே இல்லை.

மெயில் தொட ஏலாத பிரதி ஒண்டும் இருந்தது. வாசிகசாலை அறிவித்தல் பலகையில அண்ணை பழைய தாளைக் குத்தி வைச்சிருந்தார். போய் எடுத்தம். எடுத்து எறியிறதா, அதுக்கு மேல புதுசைக் குத்துறதா எண்டு கேட்டபோது அண்ணை சொன்னார், “எறிஞ்சால், நேற்றுப் பார்த்தவன் இண்டைக்கு வேற இலக்கத்தைப் பார்த்துக் குழம்புவான்.” பழைய தாளில ரெண்டு இலக்கத்தையும் சிவப்புப் பேனையால ஒரு கோடு இழுத்து வெட்டி, பக்கத்தில புதுசை எழுதி, திகதி போட்டு, புதுத் தாளையும் அதுக்குப் பக்கத்திலயே குத்தினார். வெட்டின இலக்கம் கீழ வாசிக்கத் தெரியிறமாதிரித்தான் வெட்டினார். பழைய கணக்குப்பிள்ளை, அவருக்கு இந்த முறை பழக்கம்.

பத்து நாளில ஏழாம் கிணற்றின்ர ஆய்வுகூட முடிவு வந்தது: 47. எல்லைக்குள்ள, ஆனால் ஒட்டி. அதே உரையாடலில மூண்டாவது மெயிலாய் நாலு வரி அனுப்பினம், ‘7ஆம் கிணறு: முன்னர் ஏறத்தாழ 53 என்றோம், ஆய்வுகூட அளவு 47’ எண்டு. இந்தமுறை வரைபு எழுத ஆருக்கும் மூண்டு பந்தி தேவைப்படேல்லை. நாலாம் கிணற்று வீட்டு அக்கா இன்னமும் முடக்கு வீட்டிலதான் பாலுக்குத் தண்ணி எடுக்கிறா. பிள்ளை சுகம். போன கிழமை சந்தைக்குப் போகேக்க ஒரு கடையின்ர கண்ணாடியில எங்கட பழைய அட்டவணை, 14 எண்டு இருக்கிற அதே தாள், வெயிலில மங்கிப்போய் ஒட்டிக்கிடந்தது. ஆர் கொண்டுபோய் ஒட்டினது எண்டு கடைக்காரருக்கும் தெரியாது. சிவப்புப் பேனை கையில இருக்கேல்லை, அவரிட்டயே ஒண்டை இரவல் வாங்கினம்.